RAW என்று காட்டும் 2 டிபி டிரைவ்: லாஜிக்கலா, மெக்கானிக்கலா? லேபுக்குக் கொடுக்கலாமா?

தேன்சிட்டு

வணக்கம். 2.5 இன்ச் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க், 2 டிபி, யூஎஸ்பி. மாட்டினால் டிரைவ் எழுத்து வருகிறது. பிறகு எக்ஸ்ப்ளோரர் ஒரு நிமிஷத்துக்கு மேல் உறைந்து நிற்கிறது, அதன்பின் "You need to format the disk in drive E: before you can use it" என்று கேட்கிறது. Disk Management-இல் 1863 GB, RAW. கிளிக் சத்தமோ வேறு வினோத ஒலியோ இல்லை, வழக்கம்போல் சுற்றுகிறது.

உள்ளே ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துக்காக எடுத்த பேட்டிகள், எல்லாம் WAV. வேறு பிரதி கிடையாது. chkdsk ஓட்டச் சொல்கிறார்கள், நேரே டேட்டா ரெக்கவரி லேபுக்குப் போ என்கிறார்கள். எதையும் இன்னும் தொடவில்லை. இது எந்த வகைக் கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணினிக்காதலன்

கவலைப்படாதீங்க, இது லாஜிக்கல்தான். ஹெட் போயிருந்தா டக் டக்னு அடிக்கும். சத்தம் இல்ல, கொள்ளளவும் சரியா வருது. பார்ட்டிஷன் மட்டும் கெட்டிருக்கு. `chkdsk E: /f` ஓட்டுங்க. அது ஒத்துவரலைனா குவிக் ஃபார்மேட் போட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் ஒண்ணை ஓட்டினா எல்லா ஃபைலும் வந்துரும். லேப்காரங்க இதுக்கெல்லாம் அநியாயக் காசு வாங்குவாங்க.

இரும்புப்பெட்டி

தேன்சிட்டு, கொஞ்சம் பொறுங்கள். chkdsk-உம் வேண்டாம், ஃபார்மேட்டும் வேண்டாம்.

கணினிக்காதலன் சொன்னதில் ஒன்று உண்மை. மாடல் பெயரும் கொள்ளளவும் சரியாக வருகிறது என்றால் டிரைவ் தன் சொந்த ஃபர்ம்வேரைத் தட்டிலிருந்து படித்துத் தயார் நிலைக்கு வந்துவிட்டது. மோட்டாரும், ஏதோ ஒரு ஹெட்டாவதும் வேலை செய்கின்றன. ஆனால் அதைத் தாண்டி அது எதையும் உறுதி செய்யாது.

RAW என்பது விண்டோஸ் கண்டுபிடித்த நோயின் பெயர் இல்லை. ஃபைல் சிஸ்டத்தின் தொடக்கப் பகுதிகளைப் படித்துப் பார்த்தேன், புரியவில்லை என்று மட்டுமே பொருள். அங்கே இருக்கும் தரவு சிதைந்திருந்தாலும் RAW வரும், தரவு அப்படியே இருந்து அதை ஹெட்டால் படிக்க முடியாவிட்டாலும் RAW வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். RAW ஆக இருக்கும்வரை chkdsk ஓடவே மறுக்கும். ஆபத்து எங்கே என்றால், இப்படிப்பட்ட டிரைவ் பத்து முறை மாட்டினால் ஒருமுறை NTFS ஆகத் தெரியும். அந்த நேரத்தில் chkdsk /f ஓடினால், படிக்க முடியாத பதிவுகளையெல்லாம் கெட்டவை என்று முடிவுகட்டி, அட்டவணையிலிருந்து அவற்றை அகற்றி எழுதிவிடும்.

உங்கள் பதிவில் என்னை உறுத்துவது "ஒரு நிமிஷம் உறைந்து நிற்கிறது" என்ற வரி. சுத்தமான லாஜிக்கல் கோளாறில் செக்டார்கள் எல்லாம் முழு வேகத்தில் படிக்கக் கிடைக்கும். தவறான தரவு உடனே வரும், விண்டோஸும் உடனே கைவிரிக்கும். இங்கே தரவே வரத் தாமதமாகிறது.

ஆகவே ஃபைல் சிஸ்டத்தை மறந்துவிட்டு, செக்டார்கள் படிக்கக் கிடைக்கின்றனவா, என்ன வேகத்தில் என்பதைப் பாருங்கள். ஒரு லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்யுங்கள். டிரைவை மவுண்ட் செய்யவே கூடாது. தானாக மவுண்ட் ஆகும் அமைப்பிருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். `lsblk -o NAME,SIZE,MODEL,SERIAL` கொடுத்து எது உங்கள் டிரைவ் என்று சீரியல் எண்ணை வைத்தே உறுதி செய்யுங்கள். அது sdb என்று வைத்துக்கொள்வோம்:

```
sudo smartctl -a -d sat /dev/sdb
sudo dd if=/dev/sdb of=/dev/null bs=1M count=2000 iflag=direct status=progress
sudo dd if=/dev/sdb of=/dev/null bs=1M count=2000 skip=950000 iflag=direct status=progress
sudo dd if=/dev/sdb of=/dev/null bs=1M count=2000 skip=1900000 iflag=direct status=progress
```

தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் 2 ஜிபி படித்துத் தூக்கி எறியும். எங்கும் எதுவும் எழுதாது. நலமான டிரைவில் தொடக்கத்தில் வேகம் அதிகமாகவும் கடைசியில் ஏறத்தாழ அதில் பாதியாகவும் இருக்கும். தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிகச் செக்டார்கள் இருப்பதால் அது இயல்புதான். ஏதாவது ஒன்று நின்றுவிட்டால் Ctrl+C கொடுத்துவிட்டு, `dmesg` கடைசி வரிகளை இங்கே போடுங்கள். ஓடும்போது டிரைவின்மேல் விரல் வைத்திருங்கள், ஒலி மாறினால் உடனே கழற்றிவிடுங்கள்.

குட்டிச்சுவர்

எனக்கும் இதே பிரச்சனைதான் ப்ரோ. என்னோடது எஸ்எஸ்டி. பயாஸ்ல பேரே மாறி `SATAFIRM S11`-னு வருது. சத்தம் எதுவும் இல்ல, அப்ப லாஜிக்கல்தானே? அந்த dd கமாண்டை நானும் ஓட்டட்டுமா?

இரும்புப்பெட்டி

எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லையே, சத்தத்தை வைத்து என்ன முடிவெடுப்பது! அந்தப் பெயர் வந்தால் கன்ட்ரோலர் தன் ஃபர்ம்வேரை ஏற்ற முடியாமல் அவசர நிலைக்குள் போய்விட்டது என்று பொருள். ரெக்கவரி சாஃப்ட்வேர் அதில் எதையும் பார்க்காது, dd-உம் ஒன்றும் சொல்லாது. இணையத்தில் கிடைக்கும் ஃபர்ம்வேர் கருவிகளைப் போட்டால் டிரைவ் மீண்டும் உயிர்பெறும், தரவு அழிந்திருக்கும். தரவு வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், இங்கே குழம்பிவிடும்.

தேன்சிட்டு

செய்தேன். ஸ்மார்ட் முடிவில் மேலே `PASSED` என்று இருக்கிறது. வால்யூ உள்ள வரிகளில் நீங்கள் கேட்கக்கூடியவை:

```
  5 Reallocated_Sector_Ct     0
197 Current_Pending_Sector    312
199 UDMA_CRC_Error_Count      0
```

முதல் dd 125 MB/s வேகத்தில் ஓடி, 350 MB வந்ததும் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து Input/output error. நடுவில் 97 MB/s, ஏறத்தாழ 200 MB-யில் நின்றது. கடைசியில் 58 MB/s, 60 MB கூடத் தாண்டவில்லை. dmesg:

```
critical medium error, dev sdb, sector 684288
```

ஒலி மாறவில்லை. நிற்கும்போது மட்டும் மிக மெல்லிய "ட்ர்ர்" என்று விரலுக்குத் தெரிந்தது, காதுக்கு இல்லை.

கணினிக்காதலன்

பாருங்க, PASSED வந்திருக்கு, மாற்றப்பட்ட செக்டார் பூஜ்யம். 312 பேட் செக்டார் எல்லாம் ஒரு விஷயமே இல்ல.

இரும்புப்பெட்டி

PASSED-ஐ நம்பி ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்ட மாட்டேன். உற்பத்தியாளர் வைத்த எல்லைக்கோட்டை எதுவும் தாண்டவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, அந்தக் கோடுகள் மிகத் தளர்வானவை. 5-ஆம் வரி பூஜ்யமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கெட்ட செக்டாரை டிரைவ் மாற்றுவது அதன்மேல் மறுபடி எழுதும்போதுதான். படிக்க முயன்று தோற்றால் 197-இல் காத்திருப்புப் பட்டியலில் சேர்த்து வைக்கும். நீங்கள் எதையும் எழுதவில்லை, அதனால் 5 நகரவில்லை. 312 என்பதும் இதுவரை தொட்டுப் பார்த்தவற்றின் கணக்குதான். தொடாத இடங்களில் எத்தனை என்று டிரைவுக்கே தெரியாது.

199 பூஜ்யம், dmesg சொல்வது medium error. கேபிளோ யூஎஸ்பி சில்லோ கோளாறாக இருந்திருந்தால் `reset SuperSpeed USB device` போன்ற வரிகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஆக, தட்டிலிருந்து படிப்பதில்தான் சிக்கல்.

அதைவிட முக்கியம், ஒன்றுக்கொன்று ஒரு டிபி இடைவெளியில் இருக்கும் மூன்று இடங்களிலும் சில நூறு எம்பிக்குள் நின்றுவிட்டது. தட்டில் ஓர் இடத்தில் மட்டும் காயம் என்றால் மூன்றில் இரண்டிலாவது 2 ஜிபியும் தடையின்றி ஓடியிருக்கும். தட்டு முழுவதற்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. என் சந்தேகம், ஒரே ஒரு ஹெட்.

உறுதி செய்ய ஒரு படி. குறைந்தது 2 டிபி காலியாக உள்ள வேறொரு டிஸ்க் வேண்டும், FAT32 ஆக இருக்கக்கூடாது. அதற்குள் போய்:

```
sudo ddrescue -d -n -N --cpass=1,2 -K16M /dev/sdb disk.img disk.map
```

பிழை வந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் 16 எம்பி தாண்டிக் குதித்து அடுத்ததைப் படிக்கும். மறுபடி பிழை என்றால் குதிப்பு இரட்டிப்பாகும். இரண்டாம் சுற்று பின்னிருந்து வந்து, குதிக்கும்போது விட்டுப்போன நல்ல ஓரங்களை எடுக்கும். மூன்றாம் சுற்று முதல்தான் அது கெட்ட பகுதிக்குள் நுழைந்து துழாவும், அதை இப்போது வேண்டுமென்றே விலக்கியிருக்கிறேன். முழு டிஸ்க்கும் வேண்டாம், `-s 210G` சேர்த்து முதல் 210 ஜிபி மட்டும் ஓட்டி, disk.map-இன் சில வரிகளைப் போடுங்கள்.

அருவி

ஒரு சந்தேகம். பெட்டியைக் கழற்றி டிஸ்க்கை நேரே சாட்டா போர்ட்டில் போட்டால் நல்லதில்லையா? யூஎஸ்பி நடுவில் இருப்பதால்தான் தாமதம் என்று படித்தேன். அப்புறம், ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் ஹெட் கொஞ்சம் ஒத்துழைக்கும் என்கிறார்களே?

மூங்கில்

ரெக்கவரி லேபில் வேலை பார்க்கிறேன், அதனால் முதலில் ஃப்ரீசருக்கு ஒரு கும்பிடு. வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் படியும். ஹெட் பறப்பது தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில். ஒரு துளி போதும். அப்படி வருகிற டிரைவ்களில் நாங்கள் முதலில் செய்வது தட்டைச் சுத்தம் செய்வதுதான், அதற்கும் சேர்த்துத்தான் பில் வரும்.

சாட்டா யோசனை தவறில்லை, ஆனால் எல்லா டிரைவுக்கும் பொருந்தாது. பல போர்ட்டபிள் டிரைவ்களில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சாட்டா முனையே இருக்காது. சிலவற்றில் நடுவில் இருக்கும் சில்லு தரவை என்க்ரிப்ட் செய்துதான் தட்டுக்கு அனுப்பும். அதைத் தவிர்த்துவிட்டு நேரே படித்தால் வெறும் குப்பையாகத் தெரியும். இன்னும் சில பெட்டிகள் 512 பைட் செக்டாரை 4096 ஆகக் காட்டும். வெளியே எடுத்ததும் பார்ட்டிஷன் கணக்கு எட்டு மடங்கு பிசகி, நலமான டிஸ்க்கூட RAW ஆகிவிடும். பழைய பெட்டிக்குள் திரும்ப வைத்தால் சரியாகிவிடும் "கோளாறு" அது. அந்த நிலையில் பயந்துபோய் ஃபார்மேட் போட்டவர்கள் உண்டு.

தேன்சிட்டு, பெட்டியைத் திறக்காதீர்கள்.

தேன்சிட்டு

210 ஜிபி ஓட்டினேன். வேகம் தொடர்ந்து ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது. சில விநாடி முழு வேகம், பிறகு பூஜ்யம், மறுபடி முழு வேகம். மேப்பில் 200 ஜிபி பக்கத்தில் இருந்து சில வரிகள். நடுவே வரும் சின்ன * வரிகளை அடுத்த வரியோடு சேர்த்துவிட்டேன்:

```
0x2E8A400000  0x12C30000  +
0x2E9D030000  0x064F0000  ?
0x2EA3520000  0x12C10000  +
0x2EB6130000  0x06500000  ?
0x2EBC630000  0x12C40000  +
```

கொஞ்சம் முன்னால், 3 ஜிபி அருகே:

```
0xBBFD0000    0x06F60000  ?
0xC2F30000    0x14E20000  +
```

இரும்புப்பெட்டி

இதற்குமேல் சாட்சி வேண்டாம். இரண்டாவது நெடுவரிசைதான் நீளம். 0x12C30000 என்றால் 315 எம்பி நல்லது. 0x064F0000 என்றால் 106 எம்பி கிடைக்கவில்லை. மறுபடி 315, மறுபடி 106. மூன்றுக்கு ஒன்று. டிரைவ் தன் முகவரிகளை ஒரு ஹெட்டில் ஒரு கற்றை, அடுத்த ஹெட்டில் ஒரு கற்றை என்று மாற்றி மாற்றி அடுக்குகிறது. நான்கு ஹெட்டில் ஒன்று மட்டும் படிக்காவிட்டால் சரியாக இப்படித்தான் கால் பங்கு கோடுகோடாக விழும். தட்டில் கீறல் என்றால் ஒரு பகுதியில் கொத்தாகவும், ஒழுங்கில்லாமலும் இருக்கும். ஃபைல் சிஸ்டம் கோளாறு என்றால் மேப் முழுக்க + ஆக இருக்கும்.

சத்தம் ஏன் இல்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. ஹெட் அடியோடு செத்திருந்தால் தட்டில் இருக்கும் வழிகாட்டிக் குறிகளையே பிடிக்க முடியாமல் கை திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய் வரும், அந்த அடிதான் கிளிக். உங்கள் ஹெட் வழிக்குறிகளைப் பிடிக்கிறது, ஆனால் தரவைத் தெளிவாகப் படிக்கும் வலு இல்லை. மூன்று ஹெட் நலமாக இருப்பதால் டிரைவ் தயார் நிலைக்கும் வந்துவிடுகிறது. விரலுக்குத் தெரிந்த அந்த "ட்ர்ர்" மறுபடி மறுபடி முயலும் அதிர்வு.

RAW ஏன் வந்தது என்றும் மேப்பே சொல்கிறது. விண்டோஸ் வழக்கமாக ஃபார்மேட் செய்யும் பெரிய NTFS பார்ட்டிஷனில், ஃபைல்களின் பெயரும் இடமும் பதிந்த அட்டவணையான MFT 786432-ஆம் கிளஸ்டரில் தொடங்கும், அதாவது 3 ஜிபி தாண்டியதும். பார்ட்டிஷன் தொடங்குவதற்கு முன்னுள்ள 1 எம்பியைக் கூட்டினால் 0xC0100000. அது உங்கள் 0xBBFD0000 கோட்டுக்குள் விழுகிறது. ஒரு பதிவுக்கு 1 கேபி வீதம், முதல் 47 ஆயிரம் பதிவுகள் அந்தக் கோட்டுக்குள் சிக்கியிருக்கின்றன. மூலக் கோப்புறையின் பதிவும் அங்கேதான்.

கணினிக்காதலன்

சரி, ஹெட்டுனு ஒத்துக்கறேன். ஆனா MFT-யோட முதல் நாலு பதிவுக்கு நகல் உண்டே, $MFTMirr. அது பார்ட்டிஷன் ஆரம்பத்துலயே இருக்கும், அது நல்ல கோட்டுலதான் விழும். இமேஜ்ல அதை வச்சு MFT-ஐச் சரி பண்ணினா மிச்சப் பேரெல்லாம் வரும்ல? அப்ப பாதி லாஜிக்கல்தானே?

இரும்புப்பெட்டி

இது நல்ல கேள்வி. ஆமாம், வரும். $MFTMirr-இலிருந்து MFT எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தெரிந்தால், 0xC2F30000 முதல் இருக்கும் பதிவுகளைப் படித்து அந்த ஃபைல்களின் பெயரும் இடமும் எடுக்கலாம். மூலக் கோப்புறை போனதால் மரம் சிதறிக் கிடக்கும், ஒவ்வொரு பதிவிலும் தாய்க் கோப்புறையின் எண் இருப்பதால் ஓரளவு கட்டியெழுப்பலாம். ஆனால் இவையெல்லாம் இமேஜில் செய்யவேண்டியவை, டிரைவில் அல்ல. பெயர் கிடைத்தாலும் அந்தக் கோட்டுக்குள் விழுந்த உள்ளடக்கம் கிடைக்காது.

ராப்பறவை

என் கருத்து வேறு. மூன்று ஹெட் நலமாக இருக்கும்போதே மீதி 1.8 டிபியையும் இதே கமாண்டில் ஓட்டி முடித்துவிடுங்கள். 75 சதவீதம் கைக்கு வந்துவிடும். நாளைக்குப் பவர் கொடுத்தால் டிரைவ் எழுந்திருக்குமா என்று யாருக்குத் தெரியும்? அதன்பின் `-R` போட்டுப் பின்னிருந்து, `-r1` ஒரு முறை. வலுவிழந்த ஹெட் ஓய்வுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் தரும். லேபுக்குப் போவதானால் அதன்பிறகு போகலாம், ஒன்றும் குடிமுழுகாது.

மூங்கில்

ராப்பறவை, முதல் பாதியிலேயே உடன்பட முடியவில்லை. மீதியை ஓட்டினால் இன்னும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கெட்ட கோடுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குதித்துப் போவதற்குள் சில தோல்விகள், இரண்டு சுற்றிலும். ஒவ்வொரு தோல்வியிலும் டிரைவ் உள்ளுக்குள் பலமுறை அதே இடத்தைச் சுற்றிச் சுற்றிப் படிக்கிறது. அந்த ஹெட் ஏன் வலுவிழந்தது என்று நமக்குத் தெரியாது. தட்டில் லேசாக உரசிக்கொண்டிருந்தால் இத்தனை முறை போவது கீறலாகிவிடும். கீறிய தட்டில் புது ஹெட் போட்டால் அதுவும் சில நிமிஷத்தில் போய்விடும். ddrescue-க்கு ஹெட் என்றால் என்னவென்றே தெரியாது, முகவரி மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கம் இருக்கும் பிசி-3000 போன்ற கருவிகளில் ஹெட் வாரியாக வரைபடம் எடுத்து, கெட்ட ஹெட்டைத் தொடாமலே மற்ற மூன்றையும் முதலில் எடுத்துவிடலாம்.

ராப்பறவை

நீங்கள் லேப்காரர், அப்படித்தான் சொல்வீர்கள் :) இமேஜ் இல்லாமல் லேபுக்குப் போய், அங்கே தொகை கட்டுப்படியாகாமல் திரும்பி வந்து, அதற்குள் டிரைவ் செத்துப்போனால்? கையில் பூஜ்யம்.

இரும்புப்பெட்டி

இரண்டு பேர் சொல்வதும் ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. காணாமல்போன கால் பங்கு தேன்சிட்டுவுக்கு வேண்டுமா, வேண்டாமா? லேபுக்கு எப்படியும் போகப்போவதில்லை என்றால் ராப்பறவை சொல்வதே சரி, உடனே ஓட்டவேண்டும். போவதற்கு வாய்ப்பிருந்தால் இங்கேயே நிறுத்தவேண்டும். அதை முடிவு செய்ய ஃபைல்களின் அளவு தெரியவேண்டும். 5 எம்பி படங்கள் என்றால் பெரும்பாலானவை ஏதாவது ஒரு 315 எம்பி நல்ல கோட்டுக்குள் முழுசாக அடங்கிவிடும். முக்கால்வாசி படம் நலமாக, கால்வாசி அறவே இல்லை. பலருக்கு அது போதும், லேப் வேண்டாம். 4 ஜிபி வீடியோ என்றால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து ஓட்டை, ஒன்றுகூட உருப்படியாக மிஞ்சாது. உங்கள் WAV எவ்வளவு பெரிசு?

தேன்சிட்டு

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. ஒரு பேட்டி ஒரு மணி நேரம், சில இரண்டு மணி நேரம். ஒரு மணிக்கு 635 எம்பி வருகிறது.

இரும்புப்பெட்டி

விநாடிக்கு 176,400 பைட். 106 எம்பி கோடு என்றால் 600 விநாடி. அதாவது ஏறத்தாழ அரை மணி நேரப் பேச்சு, பிறகு 10 நிமிஷம் மௌனம், மறுபடி அரை மணி நேரம், மறுபடி மௌனம். ஒரு மணி நேரப் பேட்டி ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை நிச்சயம், பலவற்றில் இரண்டு. டிஸ்க்கின் தொடக்கத்தில் கோடு நீளம், 11 நிமிஷம் வரும். உள்ளே போகப்போகக் குறையும்.

WAV என்பதால் ஒரு வசதி, ஓட்டையைத் தாண்டி மீதி கேட்கும். ஃபைலின் தலைப்பகுதி ஓட்டையில் விழுந்தாலும் ரா ஆடியோவாக இறக்குமதி செய்துவிடலாம். MP4 ஆக இருந்து அதன் குறியீட்டுப் பகுதி போயிருந்தால் முழு ஃபைலும் திறக்காது.

தேன்சிட்டு

பாதிப் பேட்டிகளுக்கு எழுத்து வடிவம் தயாராக இருக்கிறது, குரல் போனாலும் சமாளிப்போம். மீதி 140 மணி நேரம் எழுதப்படவே இல்லை, பேசியவர்களில் சிலர் இப்போது உயிருடன் இல்லை. 10 நிமிஷ ஓட்டையோடு அதை வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. டிரைவைக் கழற்றி வைத்துவிட்டேன். லேபில் என்ன கேட்கவேண்டும்? ஏமாறாமல் இருக்க வழி?

மூங்கில்

நான் எந்த லேபின் பெயரையும் சொல்லப்போவதில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில், மதிப்பீடு செய்யும்போது மூடியைத் திறப்பார்களா என்று கேளுங்கள். உங்கள் டிரைவில் கோளாறைக் கண்டுபிடிக்க மூடியைத் திறக்கவேண்டிய அவசியமில்லை. தொகை சொல்லி, நீங்கள் எழுத்தில் சம்மதித்த பின்புதான் திறக்கவேண்டும். ஒருவர் திறந்த டிரைவை இன்னொரு லேப் எடுக்கத் தயங்கும், எடுத்தாலும் கூடுதலாகக் கேட்கும்.

அடுத்து, "தரவு வராவிட்டால் கட்டணம் இல்லை" என்பதற்குள் என்ன அடங்கும் என்று கேளுங்கள். ஹெட் மாற்ற அதே குடும்பத்து டோனர் டிரைவ் ஒன்றைப் பலியிட வேண்டும். சில லேப்கள் அந்த விலையை முடிவு எதுவானாலும் வாங்கும், சில வாங்காது. இரண்டும் நேர்மைதான், முன்பே சொல்லியிருந்தால். "தரவு வந்தது" என்பதையும் நீங்களே வரையறுங்கள். 75 சதவீதம் உங்களுக்கே வரும் நிலையில் இருக்கிறது. 80 சதவீதம் எடுத்துவிட்டு வெற்றி என்று பில் போட்டால் நீங்கள் வாங்கியது என்ன? எழுதப்படாத அந்தப் பேட்டிகளின் கோப்புறைப் பெயர்களைப் பட்டியலிட்டு, இவற்றில் ஓட்டையில்லாமல் எத்தனை என்பதை வைத்துத்தான் தொகை என்று பேசுங்கள். பணம் கட்டுமுன் ஃபைல் பட்டியலும், நீங்கள் சுட்டும் சில ஃபைல்களைத் திறந்துகாட்டுவதும் வழக்கமான நடைமுறை. மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

அந்தப் பட்டியல் எங்களுக்கும் வேண்டும். டோனர் ஹெட் வேறொரு தட்டுக்காக அளவு பார்க்கப்பட்டது, அது எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. எது முதலில் வேண்டும் என்று தெரிந்தால் அதை முதலில் எடுப்போம்.

விலை ஏறும் வரிசையும் தெரிந்திருக்கட்டும். ஃபைல் சிஸ்டம் மட்டும் என்றால் மலிவு, ஃபர்ம்வேர் அதற்கு மேல், ஹெட் மாற்றுவது அதற்கும் மேல், கீறிய தட்டு எல்லாவற்றுக்கும் மேல், அதில்தான் ஏமாற்றமும் அதிகம். ஹார்டு டிஸ்க்கில் வரும் ஃபர்ம்வேர் வகையை இந்த இழையில் யாரும் தொடவில்லை. 2009 வாக்கில் சீகேட் பாராகுடா 7200.11 டிரைவ்கள் பல திடீரென்று பயாஸிலிருந்து மறைந்தன. தட்டும் ஹெட்டும் தரவும் நலம், உள் ஃபர்ம்வேர் மட்டும் மாட்டிக்கொண்டது. "டிரைவ் அடியோடு செத்துவிட்டது" என்று தோன்றினால் உடனே ஹெட் மாற்றச் சம்மதிக்காமல், ஃபர்ம்வேர் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ராப்பறவை

இது நல்ல பதில். ஆனாலும் லேபில் பேசுவதற்கு முன் அந்த 1.5 டிபியை எடுத்து வைத்திருக்கலாம் என்றே இன்னும் நினைக்கிறேன். தொகை ஒத்துவராவிட்டால் அப்போதாவது ஓட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தேன்சிட்டு

அப்படியே செய்கிறேன். தொகை கைமீறினால் அன்றே மீதியை ஓட்டிவிடுவேன். கடைசியாக ஒன்று: எடுத்த 210 ஜிபி இமேஜையும் disk.map-ஐயும் லேபுக்குக் கொடுக்கவேண்டுமா?

மூங்கில்

மேப்பைக் கொடுங்கள், சில கேபிதான். எந்த ஹெட் என்று பார்த்ததும் புரியும், அதைத் தெரிந்துகொள்வதற்காகக் கெட்ட ஹெட்டை மறுபடி தொடவேண்டியிருக்காது. இமேஜை அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்த மாட்டார்கள், தங்கள் கருவியில் புதிதாகவே எடுப்பார்கள். அது உங்களிடமே இருக்கட்டும். டிரைவைப் பெட்டியோடு அப்படியே ஆன்டிஸ்டாட்டிக் உறையில் போட்டு, நாலு பக்கமும் 5 செமீ பஞ்சு வைத்து, கேபிளும் சேர்த்துக் கொடுங்கள். நடுவில் இருக்கும் அந்த யூஎஸ்பி சில்லு என்க்ரிப்ட் செய்யும் வகையாக இருந்தால், போர்டு இல்லாமல் தட்டை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.